முதல் திங்கள் என்று எழுதப்பட்ட கிரான் வரி பத்து நாள் ஓடியது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜூலை 30 அன்று, என்னுடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எந்த முன்னுரையும் இல்லாமல் ஒரே ஒரு கிரான் வரியை, அதாவது ஒரு கட்டளையைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டச் சொல்லும் வரியை, ஒட்டி அனுப்பினார். அதற்குக் கீழே, "அண்ணா, இது எப்ப ஓடும்? மாசத்தோட முதல் திங்கள்தானே?" என்று கேட்டிருந்தார். அந்த வரி இதுதான்:

```
0 2 1-7 * 1 backup /usr/local/sbin/fullcopy.sh
```

எந்தச் சர்வர், எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது, என்ன பிரச்சினையால் கேட்கிறார் என்ற எதுவும் அதில் இல்லை. கேள்வியில் "தானே" என்ற சொல் இருந்ததால், "ஆமாம்" என்று பதில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போவதுதான் சுலபமாக இருந்திருக்கும். வரியைக் கண்ணால் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது: நிமிடம் 0, மணி 2, தேதி 1 முதல் 7 வரை, எல்லா மாதங்களும், கிழமை 1, அதாவது திங்கள். ஒரு மாதத்தின் முதல் ஏழு தேதிகளுக்குள் திங்கள்கிழமை சரியாக ஒரு முறைதான் வரும் என்பதால், எழுதியவர் முதல் திங்களைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிரான் எழுதியவரின் மனத்தைப் படிப்பதில்லை.

வரி எந்தக் கோப்பில் இருந்தது

நேரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வி, இந்த வரி எங்கே இருக்கிறது என்பதுதான். லினக்ஸில் கிரான் வரிகள் இரண்டு விதமான இடங்களில் வாழ்கின்றன. `crontab -e` என்று கொடுத்துத் திருத்தும் பயனரின் சொந்தக் கோப்பில் ஐந்து நேரப் புலங்களை அடுத்து உடனே கட்டளை தொடங்கிவிடும். `/etc/crontab` கோப்பிலும் `/etc/cron.d` அடைவிலுள்ள கோப்புகளிலும் ஆறாவது இடத்தில், எந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். நம் வரியின் ஆறாவது சொல்லான `backup` ஒரு பயனர் பெயராகவும் இருக்கலாம், ஒரு நிரலின் பெயராகவும் இருக்கலாம். டெபியன் வகைச் சர்வர்களில் அந்தப் பெயரில் ஒரு பயனர் நிறுவும்போதே உருவாகிவிடுவதால், சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

இதைத் தீர்த்து வைப்பது லாக்தான். கிரான் ஒரு பணியைத் தொடங்கும்போதெல்லாம் பயனர் பெயரை அடைப்புக்குள்ளும் கட்டளையை அதற்கு அடுத்த அடைப்புக்குள்ளும் எழுதி வைக்கும். தம்பியிடம் `zgrep CRON /var/log/syslog*` என்று கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வந்த வரிகள் இந்த வடிவில் இருந்தன:

```
CRON[20417]: (backup) CMD (/usr/local/sbin/fullcopy.sh)
```

`backup` முதல் அடைப்புக்குள் இருக்கிறது. ஆகவே அது பயனர், வரி `/etc/cron.d` போன்ற இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது. இதே வரியை யாராவது ரூட்டின் சொந்தக் கிரான்டேபில் ஒட்டியிருந்தால் லாக்கில் `(root) CMD (backup /usr/local/sbin/fullcopy.sh)` என்று வந்திருக்கும். அப்போது குறித்த நேரத்தில் பணி தொடங்கும்; ஆனால் `backup` என்ற நிரல் இல்லை என்ற பிழையோடு அந்த நொடியே முடிந்துவிடும். நேரம் சரி, வேலை மட்டும் நடக்காது என்ற அந்த நிலையைப் பலர் நேரக் கோளாறு என்று எண்ணித் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"மேலும்" இல்லை, "அல்லது"

அந்த லாக்கிலேயே அடுத்த செய்தியும் இருந்தது. ஜூலை மாதத்துக்கு ஒரே ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் பத்து வரிகள் இருந்தன.

காரணம், கிரானின் ஐந்து புலங்களில் மூன்றாவதும் ஐந்தாவதும் மற்றவற்றைப் போல நடந்துகொள்வதில்லை. நிமிடம், மணி, மாதம் ஆகியவை எல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும். தேதியும் கிழமையும் மட்டும், இரண்டுமே குறிப்பிட்ட மதிப்புகளோடு எழுதப்பட்டிருந்தால், ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும். இது பிழையன்று, யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்திலும், இன்றைய லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுகிற, பால் விக்ஸி 1987இல் எழுதிய கிரானின் வழிவந்த நிரல்களிலும் இதுதான் விதி. "ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளிலும், அதோடு வெள்ளிக்கிழமைகளிலும்" என்று ஒரே வரியில் எழுத விரும்புபவருக்கு இந்த விதி வசதியானது. முதல் திங்களைத் தேடுபவருக்கு அது குழி.

2025 ஜூலையை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகிறது. ஜூலை 1 செவ்வாய்க்கிழமை. திங்கள்கிழமைகள் 7, 14, 21, 28 ஆகிய தேதிகளில் வந்தன. தேதிப் புலம் 1 முதல் 7 வரையிலான ஏழு நாட்களையும் இழுத்துக்கொண்டது; கிழமைப் புலம் மீதமுள்ள 14, 21, 28 ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டது. ஆகப் பத்து. ஐந்து திங்கள்கள் வரும் மாதமானால் பதினொன்று. ஒன்று என்று எதிர்பார்த்தால் பத்து அல்லது பதினொன்று கிடைக்கும் இந்த விகிதமே நல்ல அடையாளம். மாதத்தின் முதல் வாரம் முழுக்க நாள்தோறும், பிறகு வாரத்துக்கு ஒரு முறை என்ற தாளத்தில் லாக் இருந்தால், வேறு எதையும் பார்க்க வேண்டாம், நேரே இந்த விதிக்குப் போகலாம்.

இத்தனை மாதங்களாக இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறைத்த பகுதி. பத்து மடங்கு ஓடினால் வட்டு நிரம்பியிருக்க வேண்டும், யாராவது கத்தியிருக்க வேண்டும். நிரம்பவில்லை, ஏனென்றால் அந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் புதிய பிரதியை எடுத்து முடித்ததும், கடைசி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றை அழித்துவிடும். மாதம் ஒன்று, மூன்று பிரதி, ஆகவே எப்போதும் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மாதம் வரை பின்னோக்கிப் போகலாம் என்பது எழுதியவரின் திட்டம். ஜூலை 30 அன்று அங்கே மே 5, ஜூன் 2, ஜூலை 7 ஆகிய தேதிகளின் பிரதிகள் இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருந்தவை ஜூலை 14, 21, 28. மே மாத நிலையில் இருந்த ஒரு கோப்பு தேவைப்பட்டுத் தேடியபோதுதான் அது இல்லை என்பது தெரிந்து, தம்பி அந்த வரியை எடுத்து ஒட்டியிருக்கிறார். இதைவிட மோசமான நாளும் இருந்தது: ஜூலை 7 அன்று காலையில் பார்த்திருந்தால் 5, 6, 7 என்று மூன்று நாள் பிரதிகள்தான் இருந்திருக்கும். வட்டின் அளவும் பிரதிகளின் எண்ணிக்கையும் என்றும் சரியாகவே தெரிந்தன. அவை எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்பது மட்டும் மாறியிருந்தது.

திருத்தமும் திருத்தத்தில் வந்த பிழையும்

முதல் திங்களை ஐந்து புலங்களுக்குள்ளேயே நேர்மையாக எழுத வழியில்லை. ஒரு நிபந்தனையைக் கிரானிடமும் மற்றொன்றைக் கட்டளையிடமும் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். தேதியைக் கிரான் பார்த்துக்கொள்ளட்டும், கிழமையை `date` சோதிக்கட்டும் என்று வைத்து, இப்படி எழுதச் சொன்னேன்:

```
0 2 1-7 * * backup [ "$(date +\%u)" = 1 ] && /usr/local/sbin/fullcopy.sh
```

`date +%u` திங்களுக்கு 1 என்றும் ஞாயிறுக்கு 7 என்றும் சொல்லும். கிழமைப் புலம் நட்சத்திரமாகிவிட்டதால் "அல்லது" விதிக்கு இடமில்லை. ஏழு நாளும் பணி தொடங்கும், திங்களன்று மட்டும் ஸ்கிரிப்ட் வரை போகும்.

தம்பி முதலில் இதை ஒட்டி எடுக்காமல் கையால் தட்டினார். சதவீதக் குறிக்கு முன்னால் இருக்கும் பின்சாய்கோடு விடுபட்டுப்போனது. கிரான்டேப் வரியில் தனித்து நிற்கும் சதவீதக் குறி, வரி முறிவாகப் பொருள்கொள்ளப்படும். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். ஆகவே ஷெல்லுக்குக் கிடைத்தது `[ "$(date +` என்ற அறுந்த துண்டு மட்டுமே. ஆகஸ்ட் 1 அதிகாலை அது இலக்கணப் பிழையோடு நின்றது. பத்து முறை ஓடிய பணி, ஒரு எழுத்து குறைந்ததால் ஒரு முறைகூட ஓடாத பணியாகியிருக்கும். அந்தச் சர்வரில் கிரானின் வெளியீடு மின்னஞ்சலாகப் போய்ச் சேர்ந்ததால் அன்று காலையே தெரிந்துவிட்டது. அதே கட்டளையை டெர்மினலில் தட்டிப் பார்த்தால் பின்சாய்கோடு இல்லாமலும் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், "கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை" என்ற பழைய புலம்பலுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நட்சத்திரம் எங்கே தொடங்குகிறது

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "அல்லது" விதியைத் தெரிந்துகொண்டவர்களே அடுத்து விழும் இடம் இது. விக்ஸி வழிவந்த கிரான், தேதிப் புலமோ கிழமைப் புலமோ நட்சத்திரத்தில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்து ஒரு கொடியை ஏற்றி வைக்கிறது. அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் என்ன வருகிறது என்பது கொடிக்குப் பொருட்டில்லை. கொடி ஏறியிருந்தால் தேதியும் கிழமையும் இரண்டுமே பொருந்த வேண்டும். ஏறாவிட்டால் ஏதாவது ஒன்று போதும். இதன் விளைவை இரண்டு வரிகளில் காட்டலாம்:

```
0 2 */2 * 1
0 2 1-31/2 * 1
```

இரண்டின் தேதிப் புலமும் ஒரே தேதிகளைத்தான் குறிக்கிறது: 1, 3, 5 என்று 31 வரையுள்ள ஒற்றைப்படைத் தேதிகள். ஆனால் முதல் வரி நட்சத்திரத்தில் தொடங்குவதால், ஒற்றைப்படைத் தேதியாகவும் திங்களாகவும் இருக்கும் நாளில் மட்டுமே ஓடும்; 2025 ஜூலையில் அது 7, 21 ஆகிய இரண்டு நாட்கள். இரண்டாவது வரியோ பதினாறு ஒற்றைப்படைத் தேதிகளிலும், அவற்றோடு 14, 28 ஆகிய திங்கள்களிலும் ஓடும், மொத்தம் பதினெட்டு. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதினால், இரண்டு நாள் பதினெட்டு நாளாகிவிடும்.

இந்தக் கொடியை வைத்தே முதல் திங்களைப் பிடிக்கும் ஒரு தந்திரமும் புழக்கத்தில் இருக்கிறது. தேதிப் புலத்தில் `*/100,1-7` என்று எழுதுவார்கள். நூறுக்கு ஒரு முறை என்ற முதல் பகுதி 1ஆம் தேதியை மட்டுமே தருகிறது, ஆனால் நட்சத்திரத்தில் தொடங்குவதால் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டியதாகிறது. வேலை செய்யும். இருந்தாலும் நான் அதை வைக்கச் சொல்லவில்லை. அடுத்து வருபவருக்கு அந்த நூறு எதற்கு என்று புரியாது. தேவையற்றது என்று அழித்துவிட்டால், மீண்டும் பத்து நாள்.

அதே வரி வேறு கிரானில்

வரியை மட்டும் ஒட்டுபவர்கள் மறந்துவிடும் மற்றொன்று, அது எந்த அட்டவணைக் கருவிக்காக எழுதப்பட்டது என்பது. ஜாவா உலகின் குவார்ட்ஸில் நொடி என்ற புலம் முன்னால் சேர்கிறது; ஐந்து புலம் கொடுத்தால் அது ஏற்காது. அதைவிடக் கவனிக்க வேண்டியது கிழமை எண். லினக்ஸ் கிரானில் ஞாயிறு 0 அல்லது 7, திங்கள் 1. குவார்ட்ஸில் ஞாயிறு 1, திங்கள் 2. ஆகவே முன்னால் ஒரு நொடிப் புலத்தைச் சேர்த்து, தேதிப் புலத்தில் `?` வைத்து, கிழமை எண்ணை அப்படியே கொண்டுபோனால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் திங்கள் வேலை ஞாயிறன்று ஓடும். கிழமையை எண்ணாக எழுதாமல் `MON` என்று எழுதிவிட்டால் இந்த இடறல் இரண்டு பக்கத்திலும் இல்லை. கேள்விக்குறியோ `#` குறியோ வரியின் நேரப் புலங்களில் தென்பட்டால், அது லினக்ஸ் கிரானின் வரி அன்று என்று அப்போதே முடிவு செய்துகொள்ளலாம். முதல் திங்களைக் குவார்ட்ஸில் `0 0 2 ? * 2#1` என்று நேரடியாகவே எழுத முடியும்.

நேர வலயம் தனிக் கதை. வரியிலுள்ள 2 மணி, சர்வரின் கடிகாரப்படி 2 மணி. சர்வர் யூ.டி.சி. நேரத்தில் இருந்து, நீங்கள் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்தால், அதிகாலை என்று நினைத்த பணி காலை 7.30க்கு, வேலை தொடங்கும் நேரத்தில் ஓடும். அதைச் சரிசெய்ய மணியை மட்டும் மாற்றுவதுதான் பொதுவான பிழை. உங்கள் திங்கள் அதிகாலை 2 மணி, யூ.டி.சி.யில் ஞாயிறு இரவு 8.30; ஆகவே கிழமையும் ஒரு படி பின்னால் போக வேண்டும். முதல் திங்கள் என்றால் சிக்கல் இன்னும் கூடும்: அந்தத் திங்கள் 1ஆம் தேதியில் விழுந்தால், யூ.டி.சி.யில் அது முந்தைய மாதத்தின் கடைசி நாள். அதை 1-7 போல ஒரே வீச்சில் எழுத முடியாது. ரெட்ஹேட் வகைச் சர்வர்களில் உள்ள `cronie` என்ற கிரான் நிரலில் `CRON_TZ` என்ற மாறியால் அட்டவணையையே வேறு வலயத்தில் வைக்கலாம். டெபியனின் வழக்கமான கிரானில் `TZ` என்று எழுதினால், ஓடும் கட்டளைக்கு மட்டும் வலயம் மாறும், தொடங்கும் நேரம் மாறாது. மேலே சொன்ன `date` சோதனையோடு இது சேர்ந்தால், ஒரு வலயத்தில் தொடங்கிய பணி மற்றொரு வலயத்தின் கிழமையைப் பார்த்து முடிவெடுக்கும். நம் நிகழ்வில் சர்வரின் கடிகாரமும் அதைப் பயன்படுத்துவோரின் கடிகாரமும் ஒன்றாக இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் `timedatectl` கொடுத்துப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொன்னேன்.

முதல் இரண்டு புலங்களில் நடக்கும் பிழைகள் சிறியவை, ஆனால் சத்தமாக வெடிப்பவை. `0 2` என்பதற்குப் பதில் `* 2` என்று எழுதினால் 2.00 முதல் 2.59 வரை அறுபது முறை ஓடும்; இடம் மாறி `2 0` என்று எழுதினால் நள்ளிரவு தாண்டி 2 நிமிடத்துக்கு ஓடும். சாய்கோடு மட்டும் சற்றே அமைதியாக ஏமாற்றும்: நிமிடப் புலத்தில் `*/45` என்பது நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அன்று, ஒவ்வொரு மணியிலும் 0ஆம், 45ஆம் நிமிடங்கள். இடைவெளி 45, 15, 45, 15 என்று மாறி மாறி வரும். ஏனென்றால் கிரான் கடைசியாக எப்போது ஓடினோம் என்று நினைவு வைப்பதில்லை, கடிகாரத்தை மட்டுமே பார்க்கிறது.

திருத்திய வரி சரிதானா என்பதை ஆகஸ்ட் 4 அன்று பார்த்தோம். அது அந்த மாதத்தின் முதல் திங்கள். அடைவில் 2025-08-04 என்ற பெயரில் புதிய பிரதி ஒன்று வந்திருந்தது. ஜூலை 14ஆம் தேதியின் பிரதி விதிப்படி அழிந்திருந்தது. ஆகஸ்ட் 8 அன்று தம்பி மறுபடியும் பதறிக்கொண்டு வந்தார்: லாக்கில் 1 முதல் 7 வரை ஏழு `CMD` வரிகள் இருந்தன. அவை இருக்கத்தான் செய்யும். கிரான் தொடங்கியதை எழுதுகிறதே தவிர, சோதனையில் பணி நின்றதா, ஸ்கிரிப்ட் வரை போனதா என்பது அதற்குத் தெரியாது. அதனால் லாக்கில் ஒரு வரி எழுதும் `logger` கட்டளையை ஸ்கிரிப்டின் முதல் கட்டளையாகச் சேர்த்தோம். செப்டம்பர் 8ஆம் தேதி பார்த்தபோது, `CMD` வரிகள் ஏழும் வழக்கம்போல இருந்தன. `logger` எழுதிய வரி, செப்டம்பர் 1, திங்கள், அதிகாலை 2 மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தது.